ஒன்றையொன்று தொடும் திட்டங்களைச் சேர்த்து மதிப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்ட அறிக்கை தயாரிக்க வரும் தொழில் முனைவோரும், செலவுக் கணக்கியல் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான். நெடுஞ்சாலையோர ஊர் ஒன்றில் 600 பேர் அமரும் திருமண மண்டபம் ஏற்கெனவே நடந்து வருகிறது. பக்கத்து இடத்தில் லாட்ஜ் கட்டலாமா, 150 பேர் அமரும் ஏ.சி. சின்ன ஹால் கட்டலாமா என்று அதன் உரிமையாளர் யோசிக்கிறார். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எளிமையாக்கப்பட்டவை. எல்லாம் லட்ச ரூபாயில், வரி போக, கடன் வட்டியைக் கழிக்காமல் தரப்பட்டுள்ளன. காலம் 10 ஆண்டு; வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி வீதம் 12%. ஆண்டுதோறும் ஒரே தொகை வருவதாக வைத்துக்கொண்டால், அதை 5.65-ஆல் பெருக்கினால் இன்றைய மதிப்பு கிடைத்துவிடும்.

இரண்டு திட்டத்துக்கும் தனித்தனியாக ரிப்போர்ட் போட்டு, லாபம் தருவதை எடுத்துக்கொண்டால் போதாதா?

ஒன்றைச் செய்வதால் மற்றொன்றின் வரவு செலவு ஒரு ரூபாய்கூட மாறாது என்றால் போதும். மண்டப உரிமையாளர் வேறு மாவட்டத்தில் அரிசி ஆலை வாங்க நினைத்தால், அந்த ஆலையையும் இந்த லாட்ஜையும் தனித்தனியாகவே பார்க்கலாம். ஆனால் லாட்ஜ் வந்தால் மண்டபத்துக்கு முன்பதிவு கூடும், சின்ன ஹால் வந்தால் குறையும் என்ற நிலையில், தனி அறிக்கை ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் சரியாக இருந்தும் முடிவு தவறாகிவிடுகிறது. ஒரு திட்டம் உண்டாக்கும் மாற்றம் இன்னொன்றின் கணக்கில் போய் விழுவதுதான் காரணம்.

ஆகவே திட்டத்தின் வருமானம் எவ்வளவு என்று கேட்பதைவிட, இதைச் செய்தால் மொத்தத் தொழிலின் ரொக்க ஓட்டம் எவ்வளவாக இருக்கும், செய்யாவிட்டால் எவ்வளவாக இருக்கும் என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே திட்டத்தின் உண்மையான ரொக்க ஓட்டம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே செல்கின்றன.

எந்தத் திட்டம் எதைச் சார்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே எல்லாவற்றோடும் ஏதோ ஒரு விதத்தில் சம்பந்தப்பட்டதுதானே?

நடைமுறையில் மூன்று இடங்களைத் தேடினால் போதும். முதலாவது, வாடிக்கையாளர்: ஒரே குடும்பம் இரண்டையும் சேர்த்து வாங்குமா, அல்லது ஒன்றை வாங்கினால் மற்றதை விட்டுவிடுமா? இரண்டாவது, செலவு: ஜெனரேட்டர், மின்மாற்றி, காவலாளி, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை இரண்டும் பகிர்ந்துகொள்ளுமா? மூன்றாவது, கொள்ளளவு: ஒரே இடத்துக்கோ ஒரே ஆளுக்கோ இரண்டும் போட்டியிடுமா? மண்டபத்தில் இந்த மூன்றாவது பெரும்பாலும் கார் நிறுத்துமிடமாக இருக்கும். அறிக்கைகளில் அடிக்கடி விடுபடுவதும் அதுதான்.

இந்த மூன்றிலும் குறிப்பிடத்தக்க தொகை எதுவும் அகப்படவில்லை என்றால் திட்டங்களைத் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். சார்பு இருக்கிறது என்பதற்காகப் பத்தாயிரம் ரூபாய் விளைவுக்கெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஒன்று இல்லாமல் மற்றது நடக்கவே நடக்காது என்றால் அதுவும் இதில்தான் வருமா?

வரும், அது சார்பின் கடைசி எல்லை. மறு எல்லையில், ஒரே மனையில் லாட்ஜ் அல்லது பெட்ரோல் பங்க் என்பதுபோல ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்கவே முடியாத திட்டங்கள் இருக்கின்றன. இவ்விரண்டு எல்லைகளிலும் கணக்கு எளிது. பின்னதில் ஒன்றோடொன்றை ஒப்பிட்டால் போதும். முன்னதில் இரண்டையும் ஒரே திட்டமாகக் கட்டிவிட வேண்டும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் இதற்குத் தெளிவான சாட்சி. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனித் திட்டமாகப் பார்த்தால், அது வருமானமே இல்லாத செலவு. பட்டறையை மட்டும் தனியாகப் பார்த்தால் கொழிக்கும் லாபம். இரண்டு கணக்கும் பொய். சுத்திகரிப்பின் முதலீடும், மின்சாரமும், உப்புக்கசடை அப்புறப்படுத்தும் செலவும் சேர்ந்த பிறகு எஞ்சுவதுதான் சாயத் தொழிலின் லாபம். கடினமான கணக்கு இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நம் மண்டபம் நிற்பதும் அங்கேதான்.

லாட்ஜை மட்டும் கணக்குப் போட்டால் நஷ்டம் வருகிறது. அப்புறம் எதற்குக் கட்டச் சொல்கிறீர்கள்?

24 அறைகள் கொண்ட லாட்ஜுக்கு முதலீடு 180. அறை வாடகையிலிருந்து, செலவு போக, ஆண்டுக்கு 27 கிடைக்கும். அதன் இன்றைய மதிப்பு 152.55. முதலீட்டைக் கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு −27.45. லாட்ஜின் சொந்தக் கணக்கு இவ்வளவுதான். இதை மட்டும் பார்த்தால் கட்டக் கூடாது.

ஆனால் அறை வசதி இருப்பதால் மண்டபத்துக்கு ஆண்டுக்கு 8 திருமணங்கள் கூடுதலாக வரும் என்பது மதிப்பீடு. ஒரு திருமணத்துக்கு, மின்கட்டணம், துப்புரவு, ஆள்கூலி போக மண்டபத்துக்கு 0.75, அதாவது 75,000 ரூபாய் நிற்கிறது. எட்டுக்கும் சேர்த்து 6. இந்த ஆறு லட்சம் மண்டபத்தின் பேரேட்டில் விழுமே தவிர, லாட்ஜின் பேரேட்டில் ஒருநாளும் தெரியாது. அதன் இன்றைய மதிப்பு 33.90. அதைச் சேர்த்தால் லாட்ஜ் திட்டத்தின் மதிப்பு +6.45 ஆகிறது.

எட்டுத் திருமணம் கூடும் என்பதை எதை வைத்துச் சொல்வது? கையில் வந்த எண்ணைப் போடலாமே?

அந்த வசதி இருப்பதால்தான் இந்த எண்ணைக் கூடுதல் கவனத்தோடு எடுக்க வேண்டும். நம்பத்தக்க மூலம், வந்தும் படியாமல் போன விசாரணைகள். மேலாளரின் மேசையில் முன்பதிவு டைரி இருக்கும். அதில் படிந்தவை மட்டுமே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து, விசாரித்தவர் கேட்ட தேதி, எத்தனை பேர், ஏன் எடுக்கவில்லை என்ற மூன்றை மட்டும் ஒரு முழு ஆண்டுக்கு எழுதச் சொல்லுங்கள். “மாப்பிள்ளை வீட்டார் தங்க ரூம் இல்லை” என்று எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணினால், ஊகத்துக்கு ஓர் அடித்தளம் கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் திருமண விசாரணை அநேகமாக இருக்காது என்பதால், ஓரிரு மாதப் பதிவைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்குவது உதவாது.

அந்த வரிகளை அப்படியே எண்ணிவிடவும் கூடாது. அவர்கள் கேட்ட தேதியில் மண்டபம் காலியாக இருந்ததா என்று டைரியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வளர்பிறை முகூர்த்த நாள்கள் எல்லாம் முன்பே நிரம்பிவிட்ட மண்டபத்துக்கு லாட்ஜால் ஒரு திருமணம்கூடக் கூடாது; விற்பதற்கு நாளே இல்லை. அங்கே லாட்ஜின் பயன், மண்டப வாடகையைச் சற்று ஏற்ற முடிவது மட்டுமே. ஒரு திட்டம் இன்னொன்றுக்குத் தரும் உதவி, உதவி பெறுவதன் கொள்ளளவோடு நின்றுவிடும். நான் பார்க்கும் அறிக்கைகளில் மிகைப்படுத்தல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

சின்ன ஹாலுக்கு இந்தச் சிக்கலே இல்லையே. தனியாகவே நல்ல லாபம் காட்டுகிறதே?

அது காட்டும் லாபம் அழகானதுதான். முதலீடு 70, ஆண்டு வரவு 19, இன்றைய மதிப்பு 107.35, நிகர நிகழ்கால மதிப்பு +37.35. ஆனால் அந்த 19 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிச்சயதார்த்தம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று ஆண்டுக்கு 14 சிறு விழாக்கள், வேறு இடம் இல்லாத காரணத்தால் இப்போது பெரிய மண்டபத்திலேயே நடக்கின்றன. 150 பேருக்கு 600 நாற்காலி மண்டபம் எடுத்தவர்கள், சின்ன ஹால் திறந்த மறுநாளே அங்கே மாறிவிடுவார்கள். சின்ன ஹாலின் வரவில் ஒரு பகுதி, வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்ட பணம்.

பதினான்கும் மாறினால் பெரிய மண்டபம் இழப்பது ஆண்டுக்கு 10.5. அதன் இன்றைய மதிப்பு 59.33. அதைக் கழித்தால் சின்ன ஹால் −21.98 ஆகிவிடுகிறது. காலியான தேதிகளை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்றால் இழப்பு குறையும். ஆனால் சிறு விழாக்கள் பெரும்பாலும் முகூர்த்தம் இல்லாத விடுமுறை நாள்களில் நடப்பவை. அந்த நாள்களுக்குப் பெரிய மண்டபத்தைக் கேட்டு ஆள் வருவது அரிது.

நாம் கட்டாவிட்டால் வேறு ஒருவர் கட்டி அந்த விழாக்களை இழுத்துக்கொள்வார். அப்படியானால் இழப்பைக் கழிக்கவே தேவையில்லையே?

நியாயமான வாதம்; ஆனால் பாதிதான் நியாயம். நாம் கட்டாவிட்டாலும் போய்விடக்கூடிய விழாக்களை நம் திட்டத்தின் தலையில் கட்டக் கூடாது. முதல் பதிலில் சொன்ன ‘செய்யாவிட்டால்’ என்ற பக்கத்தில் இன்றைய நிலையை அப்படியே உறையவைத்துவிடுவது பொதுவாக நிகழும் பிழை. செய்யாவிட்டால் நாளை எப்படி இருக்கும் என்பதே அங்கே எழுதப்பட வேண்டியது.

பைபாஸ் சாலையில் ஒருவர் ஏற்கெனவே சின்ன ஹாலுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 14-இல் 6 விழாக்கள் எப்படியும் அங்கே போய்விடும் என்பது மதிப்பீடு. அப்போது நம் சின்ன ஹாலால் ஏற்படும் இழப்பு மீதி 8-க்கு மட்டும், அதாவது ஆண்டுக்கு 6. திட்டத்தின் உண்மையான ஆண்டு வரவு 19 − 6 = 13; நிகர நிகழ்கால மதிப்பு +3.45. இனி வரும் கணக்கில் இதையே எடுத்துக்கொள்கிறேன். எழும்பிய அஸ்திவாரத்தை வைத்துச் சொல்வது ஆதாரம். “யாராவது கட்டத்தான் போகிறார்கள்” என்று சொல்லிப் பதினான்கையும் தள்ளிவிடுவது, வேண்டிய விடையை முன்பே எழுதிவிட்டுக் கணக்குப் போடுவது.

லாட்ஜ் 6.45, சின்ன ஹால் 3.45. இரண்டையும் செய்தால் 9.90 என்று கூட்டிக்கொள்ளலாமா?

கூடாது. இதுவரை ஒவ்வொன்றுக்கும் பெரிய மண்டபத்துக்கும் உள்ள உறவைத்தான் பார்த்தோம். லாட்ஜுக்கும் சின்ன ஹாலுக்கும் இடையே உள்ள உறவு இன்னும் கணக்கில் வரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒரே ஜெனரேட்டர், ஒரே மின்மாற்றி, ஒரே தண்ணீர்த் தொட்டி போதும். முதலீட்டில் 10 மிச்சம். சின்ன ஹாலுக்கு வரும் வெளியூர் விருந்தினர்கள் அறை எடுப்பதால் லாட்ஜுக்கு ஆண்டுக்கு 2.5 கூடும். ஆனால் முகூர்த்த நாள்களில் மூன்று கட்டடங்களின் வண்டிகளும் ஒரே வாசலில் நெருக்கும். அந்த நெரிசலைப் பார்த்துப் பெரிய மண்டபம் ஆண்டுக்கு 2 திருமணங்களை இழக்கும் என்று வைத்தால், 1.5 குறையும்.

| முடிவு | முதலீடு | ஆண்டு வரவில் மாற்றம் | நிகர நிகழ்கால மதிப்பு |
|---|---|---|---|
| எதுவும் வேண்டாம் | 0 | 0 | 0 |
| லாட்ஜ் மட்டும் | 180 | 33 | 6.45 |
| சின்ன ஹால் மட்டும் | 70 | 13 | 3.45 |
| இரண்டும் | 240 | 47 | 25.55 |

மதிப்பிட வேண்டியவை இந்த நான்கு வரிசைகளே. லாட்ஜ், சின்ன ஹால் என்ற இரண்டு பெயர்கள் அல்ல. தனித்தனி அறிக்கையை நம்பியிருந்தால் −27.45 காட்டிய லாட்ஜைத் தள்ளிவிட்டு, +37.35 காட்டிய சின்ன ஹாலை மட்டும் கட்டியிருப்போம். கைக்கு வருவது 3.45, விட்டது 22.10.

சின்ன ஹால் 24% வருமானம் தருகிறது என்று ஆடிட்டர் சொன்னார். சேர்த்துப் போட்டால் 14.6% தானே வருகிறது? கூடுதல் சதவீதத்தை விடச் சொல்கிறீர்களா?

அந்த 24% சின்ன ஹாலின் பேரேட்டை மட்டும் வைத்து, 70 முதலீட்டுக்கு 19 வரவு என்று போட்ட ஐ.ஆர்.ஆர்., அதாவது நிகர நிகழ்கால மதிப்பைப் பூஜ்யமாக்கும் வீதம். பெரிய மண்டபம் இழந்த 6 அதில் இல்லை. 13 வரவு என்று வைத்தால் அதே ஹால் தருவது ஏறத்தாழ 13.2%. எனவே 24-ஐயும் 14.6-ஐயும் ஒப்பிடுவதற்கே இடமில்லை.

சதவீதமாகவே பார்த்தாக வேண்டும் என்றால், கூடுதல் முதலீட்டின் மீது பாருங்கள். சின்ன ஹால் மட்டும் என்ற நிலையிலிருந்து இரண்டும் என்ற நிலைக்குப் போகக் கூடுதலாக 170 போடுகிறோம். ஆண்டுக்குக் கூடுதலாக 34 கிடைக்கிறது. அது சுமார் 15.1%. பணத்தின் விலை 12% என்றால் அந்த 170-ஐப் போடுவது சரி. சதவீதம் உயர்ந்தது நல்லது என்ற பழக்கம், சின்ன முதலீட்டையும் பெரிய முதலீட்டையும் பக்கத்தில் வைக்கும்போதெல்லாம் வழி தவறச் செய்யும்.

அப்படியானால் அந்த 25.55-இல் லாட்ஜின் பங்கு எவ்வளவு, சின்ன ஹாலின் பங்கு எவ்வளவு?

இதற்கு ஒரே விடை கிடையாது. லாட்ஜை முதலில் சேர்த்தால் அதன் மதிப்பு 6.45. சின்ன ஹால் ஏற்கெனவே இருக்கும் நிலையில் சேர்த்தால் 22.10. அதேபோல் சின்ன ஹாலுக்கு முதலில் 3.45, கடைசியில் 19.10. கடைசியில் சேர்க்கும் மதிப்பு இரண்டையும் கூட்டினால் 41.20 வரும், அப்படி ஒரு பணம் எங்குமே இல்லை. இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய 15.65 இரண்டுக்கும் பொதுவானது, அவ்வளவுதான்.

முடிவெடுப்பதற்குப் பங்கு பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. மேலாளர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கவோ, கூட்டாளிகளுக்குள் பிரிக்கவோதான் அது தேவைப்படும். அது பேச்சுவார்த்தை, கணக்கு அல்ல. “மண்டபம் எடுத்தால் நான்கு அறை இலவசம்” என்று கொடுக்கும்போது அந்த அறைகளுக்கு மண்டபத்தின் கணக்கில் எவ்வளவு பற்று எழுதுவது என்ற சண்டையும் இந்த வகைதான். எந்தத் தொகையை எழுதினாலும் மொத்தம் 47 மாறாது.

கையில் 200 தான் இருக்கிறது. 240-க்கு எங்கே போவது?

உறுதியாக 200-க்கு மேல் இல்லையென்றால் பட்டியலில் கடைசி வரிசை அடிபடும். மிச்சமுள்ளவற்றில் லாட்ஜ் மட்டும் என்பது மேல். ஆனால் அங்கே போவதற்கு முன், பற்றாக்குறை 40-ஐப் பெறுவதற்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று பாருங்கள். லாட்ஜ் மட்டும் என்பதைவிட இரண்டும் என்பது 19.10 அதிகம். அந்த 40-க்கு 12-க்குப் பதில் 18% வட்டி கேட்டு, அசலே குறையாமல் பத்தாண்டும் ஓடினாலும், கூடுதல் வட்டி ஆண்டுக்கு 2.4, அதன் இன்றைய மதிப்பு 13.56. அப்போதும் கடன் வாங்குவதே மேல்.

ஒன்றை இப்போதும் மற்றதைச் சில ஆண்டு கழித்தும் கட்டுவது இன்னொரு வழி. அதைப் பட்டியலில் தனி வரிசையாகச் சேர்க்க வேண்டும். பொது வசதியில் மிச்சமாகும் 10 வேண்டுமென்றால் ஜெனரேட்டரையும் மின்மாற்றியையும் இப்போதே இரண்டுக்கும் போதும் அளவில் வாங்க வேண்டியிருக்கும். பிறகு இரண்டாவது கட்டடம் எழும்பவே இல்லை என்றால் அது வீண் செலவு.

இரண்டு திட்டத்துக்கு நான்கு வரிசை. பத்துத் திட்டம் இருந்தால் ஆயிரத்துக்கு மேல் வருமே?

1,024 வரும். நடைமுறையில் அத்தனையும் போட வேண்டியதில்லை. உண்மையாகச் சார்ந்தவற்றைத் தனிக் குழுக்களாகப் பிரித்தால் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்றுதான் நிற்கும். மூன்று திட்டக் குழுவுக்கு எட்டு வரிசை. அதிலும் நடக்க முடியாதவை அடிபட்டுப் போகும். லாட்ஜ் மொட்டைமாடியில் சூரிய மின்தகடு என்ற திட்டம் லாட்ஜ் இல்லாத வரிசைகளில் வர வழியே இல்லை.

கொரோனா சமயத்தில் மண்டபமும் லாட்ஜும் ஒன்றாகவே படுத்துவிட்டன. இந்தச் சார்பையா சொல்கிறீர்கள்?

அது வேறு. 2020-இல் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது இரண்டும் சேர்ந்து விழுந்ததற்குக் காரணம், இரண்டையும் ஒரே வெளிச்சூழல் தாக்கியது. லாட்ஜ் கட்டியதால் மண்டபம் விழவில்லை. இங்கே நாம் பேசுவது, ஒரு திட்டத்தை ஏற்பதே மற்றொன்றின் எதிர்பார்க்கும் வரவை மாற்றுவதை.

முதல் வகை சார்பு, சராசரி வரவை மாற்றாது; மொத்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தைத்தான் கூட்டும். அதைப் பார்க்க வேண்டிய இடம், கெட்ட ஆண்டில் கடன் தவணை கட்ட முடியுமா என்ற கணக்கு. இரண்டையும் குழப்பி, “இரண்டும் ஒன்றாக விழும், ஆகையால் வரவைக் குறைத்துப் போடுகிறேன்” என்று செய்தால் ஒரே அபாயத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

மண்டபம் என் பெயரில், லாட்ஜ் கட்டப்போகும் இடம் தம்பி பெயரில். அப்போதும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமா?

சேர்த்துப் பார்த்தால்தான் பிரிப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்றே தெரியும். ஆனால் தம்பிக்கு லாட்ஜ் −27.45 தான், மண்டபத்தில் கூடும் ஆறு லட்சம் அவர் கைக்கு வராது. அவர் கட்ட வேண்டுமானால், சின்ன ஹால் இல்லாத நிலையில், ஆண்டுக்கு 4.86-க்கு மேல் உங்களிடமிருந்து அவருக்குப் போக வேண்டும். உங்களுக்கு 6-க்கு மேல் கொடுத்தால் கட்டுப்படியாகாது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பேச்சு நடக்க முடியும், அதையும் எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய அளவில் இதே சிக்கலை ஹாங்காங்கின் எம்.டி.ஆர். மெட்ரோ நிறுவனம் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. ரயில் வருவதால் நிலையத்தைச் சுற்றி மனை விலை ஏறும். அந்த ஏற்றம் சாதாரணமாக அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்குப் போய்விடும். அந்நிறுவனம், பாதை அமைக்கும்போதே நிலையங்களுக்கு மேலும் பக்கத்திலும் கட்டடம் எழுப்பும் உரிமையை அரசிடமிருந்து பெற்று, ரயிலையும் கட்டடத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தது.

இத்தனை மதிப்பீட்டில் ஒன்று தப்பினாலும் எல்லாம் கவிழ்ந்துவிடாதா?

எது தப்பினால் கவிழும் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் கணக்கில் ஊகம் அதிகமுள்ள எண், கூடுதலாக வரும் 8 திருமணங்கள். லாட்ஜ் மட்டும் கட்டினால், அந்த எட்டு ஆறாகக் குறைந்தாலே மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். இரண்டையும் கட்டினால், எட்டு இரண்டாகக் குறைந்தாலும் 0.13 மிஞ்சி நிற்கும். அதேபோல் 10 மிச்சம் கிடைக்கவே இல்லை என்றாலும் 15.55 இருக்கிறது.

ஆனால் பல எண்கள் ஒரே காரணத்தால் சேர்ந்து தப்பக்கூடும். கார் நிறுத்த இடம் நினைத்ததைவிட மோசமாக இருந்தால், 2 திருமணம் போவதோடு நிற்காது. எட்டும் குறையும், சின்ன ஹாலுக்கும் ஆள் வரத் தயங்குவார்கள். இந்தத் திட்டத்தில் நான் முதலில் செய்யச் சொல்வது, ஒரு பெரிய முகூர்த்த நாளில் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று வண்டிகளை எண்ணுவது.

கட்டி இரண்டு வருடம் ஆயிற்று. லாட்ஜ் கணக்கில் நஷ்டம். ஒருவர் ஆண்டுக்கு 32-க்கு மொத்தமாகக் குத்தகை கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

முதலில், அந்த நஷ்டம் தேய்மானத்தையும் வட்டியையும் கழித்த பிறகு வருவது. கட்டடத்தில் போட்ட பணம் போட்டதுதான். குத்தகைக்கு விட்டாலும் அது திரும்பி வராது. ஒப்பிட வேண்டியது இனி வரும் ரொக்கம் மட்டும். லாட்ஜின் சொந்த வரவு 27, சின்ன ஹால் விருந்தினர்களால் 2.5, ஆக 29.5. பேரேட்டை மட்டும் பார்த்தால் 32 லாபமாகத் தெரியும்.

குத்தகைதாரர் முகூர்த்த நாள்களில் அறைகளை உங்கள் மண்டபத்துக்காக வைத்திருக்கக் கடமைப்பட்டவர் அல்ல. யார் அதிக வாடகை தருகிறார்களோ அவர்களுக்கே கொடுப்பார். அப்போது மண்டபத்தின் கூடுதல் 6 போய்விடும். எனவே அப்படியே கொடுப்பதானால் 35.5-க்கு மேல் கேளுங்கள். அல்லது 32-க்கே கொடுத்து, முகூர்த்த நாளுக்கு 90 நாள் முன்புவரை இத்தனை அறைகள் மண்டபத்தின் பெயரில் நிறுத்திவைக்கப்பட வேண்டும், வாடகையை அன்றைக்கு ஏற்றக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நிபந்தனைக்கு அவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், 29.5-க்குக் கீழே இறங்காத வரை நீங்களே நடத்துவதைவிட அது மோசமில்லை.